50 லட்சம் கையில் இருந்தால் பிஎம்எஸ் போக வேண்டுமா? விளம்பரத்தில் சொல்லாத கணக்கு இதுதான்

ஊரில் இருந்த நிலம் விற்ற பணமோ, கம்பெனி கொடுத்த பங்குகளை விற்ற பணமோ வங்கிக் கணக்கில் வந்து விழுந்த சில நாட்களில் ஒரு போன் வரும். வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர். இதுவரை கிரெடிட் கார்டு மட்டுமே விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது வேறு குரலில் பேசுவார். "சார், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் எல்லாரும் போடுறதுதான். உங்க லெவலுக்கு பிஎம்எஸ் பார்க்கலாமே?"

அந்த 'லெவல்' என்ற சொல்லில்தான் வியாபாரமே இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் பொதுப் பேருந்து, பிஎம்எஸ் தனி கார் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. கார் வசதியானதுதான். ஆனால் டிரைவர் சம்பளம், பெட்ரோல், டோல் எல்லாம் போன பிறகு, பேருந்தில் போனவரை விட எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில், பிஎம்எஸ் என்றால் என்ன?

போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் சர்வீஸ் என்பதன் சுருக்கம்தான் பிஎம்எஸ். செபியிடம் பதிவு செய்த ஒரு நிறுவனம், உங்கள் பணத்தை உங்கள் பெயரிலேயே பங்குகளில் போட்டு நிர்வகிக்கும்.

மியூச்சுவல் ஃபண்டில் லட்சக்கணக்கானவர்களின் பணம் ஒரே தொட்டியில் சேர்கிறது. அந்தத் தொட்டியில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதற்கு அடையாளமாக யூனிட் கிடைக்கும். ஃபண்ட் வாங்கிய பங்குகள் ஃபண்டுக்குத்தான் சொந்தம். பிஎம்எஸ்ஸில் தொட்டி கிடையாது. உங்கள் பெயரில் தனி டீமேட் கணக்கு திறப்பார்கள். அதை இயக்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பீர்கள். வாங்கும் ஒவ்வொரு பங்கும் உங்கள் சொந்தப் பங்கு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் நல்லது, கெட்டது இரண்டும் கிளம்புகின்றன. வரிப் பகுதிக்கு வரும்போது இது புரியும்.

பிஎம்எஸ்ஸில் பெரும்பாலானவர்கள் எடுப்பது 'டிஸ்க்ரிஷனரி' வகை. எந்தப் பங்கு, எப்போது, எவ்வளவு என்பதை எல்லாம் மேனேஜரே முடிவு செய்வார். உங்களைக் கேட்டுவிட்டு வாங்குவது 'நான்-டிஸ்க்ரிஷனரி'. ஆலோசனை மட்டும் சொல்லி, வாங்குவதை உங்களிடமே விட்டுவிடும் மூன்றாவது வகையும் உண்டு.

இன்னொரு வித்தியாசம் சுதந்திரம். சாதாரண ஈக்விட்டி ஃபண்ட் ஒன்று தன் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனியின் பங்கில் போட முடியாது. ஸ்மால் கேப் ஃபண்ட் என்று பெயர் வைத்தால் குறைந்தது 65 சதவீதம் சிறிய கம்பெனிகளில் இருந்தே ஆக வேண்டும். பிஎம்எஸ் மேனேஜருக்கு இப்படிப்பட்ட கட்டு குறைவு. இருபது, இருபத்தைந்து பங்குகளை மட்டும் வைத்து ஓட்டலாம். சந்தை பிடிக்கவில்லை என்றால் பாதிப் பணத்தை ரொக்கமாகவே வைத்திருக்கலாம். கணிப்பு சரியாக இருந்தால் ஃபண்டை விட நன்றாக ஓடும். தப்பாகப் போனால் ஃபண்டை விட மோசமாக விழும். பிஎம்எஸ்ஸில் மட்டும் கிடைக்கும் ரகசியப் பங்கு என்று எதுவும் இல்லை. டிஸ்க்ரிஷனரி வகையில் பட்டியலிடப்பட்ட பங்குகளைத்தான் வாங்க முடியும். நீங்கள் உங்கள் போனில் இருக்கும் ஆப்பில் வாங்கக்கூடிய அதே பங்குகள்.

ஏன் 50 லட்சம்?

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 500 ரூபாய்க்கு எஸ்ஐபி தொடங்கலாம், சில ஃபண்டுகளில் 100 ரூபாய்க்கே தொடங்கலாம். பிஎம்எஸ்ஸுக்கு குறைந்தபட்சம் 50 லட்சம் ரூபாய். இது நிறுவனம் வைத்த விலை இல்லை, செபி வைத்த விதி. ஒரு காலத்தில் இது 5 லட்சமாக இருந்தது. 2012இல் 25 லட்சம் ஆனது. 2020இல் புதிய விதிமுறைகள் வந்தபோது 50 லட்சமாக உயர்ந்தது.

செபி இந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போனது, பணக்காரர்களுக்குத் தனி கிளப் நடத்துவதற்காக இல்லை. ரிஸ்க் அதிகம், கட்டுப்பாடு குறைவு, கட்டண முறை சிக்கலானது. நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடியவர்கள் மட்டும் உள்ளே வரட்டும் என்பதற்கான வேலி இது. ஆனால் விற்பனைப் பேச்சில் அந்த வேலியே அலங்கார வளைவாக மாறிவிடுகிறது. 'நீங்க எலிஜிபிள் சார்' என்று சொல்லும்போது விருது கொடுப்பதுபோலக் கேட்கும். உள்ளே வர அனுமதி உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

50 லட்சத்தையும் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே உங்களிடம் உள்ள பங்குகளையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். சந்தை விழுந்து மதிப்பு 50 லட்சத்துக்குக் கீழே போனால் வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் பாதியில் பணம் எடுக்கும்போது மிச்சம் இருப்பது குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகக் கூடாது. அதாவது 50 லட்சம் போட்டவர் அவசரத்துக்கு 5 லட்சம் எடுக்க நினைத்தால், போட்டது நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். இல்லை என்றால் மொத்தமாக வெளியேற வேண்டும். மியூச்சுவல் ஃபண்டில் இந்தத் தொல்லையே இல்லை.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் '5 லட்சத்தில் பிஎம்எஸ்', 'நாலு பேர் சேர்ந்து 50 லட்சம் போடலாம்' என்று வருவது எல்லாம் பிஎம்எஸ்ஸே இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கணக்கு என்பதுதான் இதன் அடிப்படை. கூட்டாகப் பணம் சேர்த்துக் கொடுத்தால் அது வேறு ஏதோ. மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று சொன்னால் இன்னும் மோசம். லாபத்துக்கு உத்தரவாதம் தர எந்த பிஎம்எஸ்ஸுக்கும் அனுமதி கிடையாது.

இப்போது கட்டணம்: ஒரு வருடக் கணக்கு

பிஎம்எஸ்ஸில் கட்டணம் பொதுவாக இரண்டு விதம். ஒன்று, லாபமோ நஷ்டமோ வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்ற நிலையான கட்டணம். இரண்டு, கொஞ்சம் குறைந்த நிலையான கட்டணமும், ஒரு எல்லையைத் தாண்டிய லாபத்தில் பங்கும். அந்த எல்லைக்குப் பெயர் 'ஹர்டில்'. இவை தவிர, நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று செபி தடை செய்திருக்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் ஒருவர் 50 லட்சம் ரூபாயை பிஎம்எஸ்ஸில் போடுகிறார். அந்த வருடம் அவருடைய பங்குகள் 15 சதவீதம், அதாவது ஏழரை லட்சம் ரூபாய் வளர்ந்துவிட்டன. நல்ல வருடம்தான். கணக்கு எளிதாக இருக்க, கட்டணம் முழுவதையும் ஆரம்பத் தொகையின் மீதே போடுவோம்.

நிலையான கட்டணம் 2.5 சதவீதம் என்றால் 1,25,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 22,500. டீமேட், கஸ்டோடியன், ஆடிட் போன்ற நிர்வாகச் செலவுகள் தனி. தரகுக் கட்டணம் நீங்கலாக இவை வருடத்துக்கு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது செபி விதி. நாம் கால் சதவீதம், அதாவது 12,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,60,000 ரூபாய். ஏழரை லட்சத்தில் இது போக அவருக்கு மிச்சம் 5,90,000. 15 சதவீதம் என்று ஓடியது 11.8 சதவீதமாக வந்து நிற்கிறது.

அதே பங்குகளை, அதே 15 சதவீத வளர்ச்சியோடு, ஒரு மியூச்சுவல் ஃபண்டின் டைரக்ட் பிளான் வைத்திருந்தால்? எல்லாச் செலவும் சேர்த்து 0.8 சதவீதம் என்று எடுத்தால் 40,000 ரூபாய் போகும். கையில் 7,10,000, அதாவது 14.2 சதவீதம். ஏஜென்ட் வழியாக ரெகுலர் பிளானில், 1.8 சதவீதச் செலவில் போட்டிருந்தால்கூட 6,60,000 மிஞ்சும்.

இடைவெளி 2.4 சதவீதம். இதைக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. வருடா வருடம் இதே கதை பத்து வருடம் நடந்தால், 11.8 சதவீதத்தில் 50 லட்சம் சுமார் 1.53 கோடி ஆகும். 14.2 சதவீதத்தில் சுமார் 1.89 கோடி. வித்தியாசம் 36 லட்சம் ரூபாய். இத்தனைக்கும் இரண்டு மேனேஜர்களும் ஒரே திறமைசாலிகள் என்று வைத்த கணக்கு இது. அதாவது பிஎம்எஸ் மேனேஜர் ஒரு நல்ல ஃபண்ட் மேனேஜரை விட ஒவ்வொரு வருடமும் 2.4 சதவீதம் அதிகமாக ஓடினால்தான், நீங்கள் ஃபண்டில் இருந்திருக்கக்கூடிய அதே இடத்துக்கு வந்து சேர்வீர்கள். லாபம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

சரி, லாபத்தில் பங்கு என்ற இரண்டாவது முறை எப்படி? 'நாங்க சம்பாதிச்சுக் கொடுத்தாதான் எங்களுக்குக் காசு' என்று இதை விற்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நிலையான கட்டணம் 1.5 சதவீதம், ஹர்டில் 10 சதவீதம், அதற்கு மேல் வரும் லாபத்தில் 20 சதவீதம் பங்கு என்று வைப்போம். நம் உதாரணத்தில் நிலையானது 75,000. பத்து சதவீதமான 5 லட்சத்துக்கு மேல் வந்த லாபம் இரண்டரை லட்சம், அதில் ஐந்தில் ஒரு பங்கு 50,000. கூட்டினால் அதே 1,25,000 ரூபாய்!

15 சதவீத வருடத்தில் இரண்டு முறையும் சமம். சந்தை 5 சதவீதம்தான் ஓடியது என்றால் ஜிஎஸ்டி சேர்த்து 88,500 ரூபாயோடு முடியும், நிலையான முறையில் 1,47,500. இங்கே இரண்டாவது முறை லாபம். ஆனால் 25 சதவீதம் ஓடும் ஜோரான வருடத்தில் லாபப் பங்கு மட்டும் 1,50,000 ஆகி, ஜிஎஸ்டியோடு மொத்தம் 2,65,500 ரூபாய் போகும். மொத்தச் சந்தையுமே 25 சதவீதம் ஏறிய வருடமாக இருந்தாலும் இதே பில்தான். ஹர்டில் என்பது 10 சதவீதம் என்ற எண். 'சந்தையை விட அதிகம்' என்று அதற்கு அர்த்தம் இல்லை. இண்டெக்ஸ் ஃபண்டில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கும் கிடைத்த வளர்ச்சிக்கு, இங்கே தனியாகப் பங்கு கொடுக்கிறோம்.

உயர்ந்த கோடு: இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்

லாபத்தில் பங்கு கேட்கும் பிஎம்எஸ்களுக்கு செபி ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. பெயர் 'ஹை வாட்டர் மார்க்'. ஆற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் தொட்ட உயரத்தைப் பாலத் தூணில் கோடு போட்டு வைப்பார்கள் இல்லையா, அதேதான்.

50 லட்சம் போட்டது 60 லட்சம் ஆனது. அப்போது லாபப் பங்கு கொடுத்தாகிவிட்டது. அடுத்த வருடம் சந்தை சரிந்து 48 லட்சத்துக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் மறுபடி ஏறி 58 லட்சம். அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் 20 சதவீதத்துக்கு மேல் லாபம். ஆனால் மேனேஜர் ஒரு ரூபாய்கூட லாபப் பங்கு கேட்க முடியாது. 60 லட்சம் என்ற பழைய கோட்டைத் தாண்டினால்தான் அவருக்கு மறுபடி பங்கு. ஒரே லாபத்துக்கு உங்களிடம் இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 48 லட்சத்தில் நிற்கும்போது மனசு உடைந்து போயிருக்கும். அப்போது வேறொருவர் வந்து, 'அந்த மேனேஜர் சரியில்லை, போன வருடம் முதலிடத்தில் வந்தவர் இவர்' என்று ஒரு பட்டியலைக் காட்டுவார். மாறினால் பழைய கோடு அழிந்துவிடும். புது இடத்தில் கோடு 48 லட்சத்திலிருந்து தொடங்கும். அங்கே 58 லட்சம் ஆனால், ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்துத் தாண்டிய அதே தூரத்துக்கு இன்னொரு முறை லாபப் பங்கு கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 10 சதவீத ஹர்டில், 20 சதவீதப் பங்கு என்ற அதே கணக்கில், 48 லட்சத்துக்கு 4.8 லட்சம் வரை இலவசம், மிச்ச 5.2 லட்சத்தில் பங்கு 1,04,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. பழைய இடத்திலேயே இருந்திருந்தால் இந்தத் தொகை பூஜ்யம்.

வெளியேறும் கட்டணம் வேறு. முதல் வருடத்துக்குள் கிளம்பினால் 3 சதவீதம் வரை, இரண்டாவது வருடம் 2, மூன்றாவது வருடம் 1 சதவீதம் வரை வாங்கலாம். மூன்று வருடம் முடிந்துவிட்டால் வாங்கக் கூடாது. இவை அதிகபட்ச எல்லைகள்தான். குறைவாகவோ, இல்லாமலோ வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்டுக் குறைக்க முடிகிற சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

வரி: ரிப்போர்ட்டில் வராத செலவு

முன்பு சொன்னோமே, பிஎம்எஸ்ஸில் பங்குகள் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் என்று. அப்படியென்றால் மேனேஜர் விற்கும் ஒவ்வொரு பங்குக்கும் விற்றவர் யார்? சட்டப்படி நீங்கள்தான். வரியும் உங்களுக்குத்தான்.

மியூச்சுவல் ஃபண்டுக்குள் மேனேஜர் எத்தனை முறை வாங்கி விற்றாலும் உங்களுக்கு வரி இல்லை. நீங்கள் யூனிட்டை விற்கும்போதுதான் வரி. பத்து வருடம் விற்காமல் வைத்திருந்தால் பத்து வருடமும் அந்தப் பணம் உங்களுக்காக வேலை செய்யும். பிஎம்எஸ்ஸில் அந்த வசதி இல்லை.

2024 ஜூலை 23 முதல் பட்டியலிடப்பட்ட பங்குகளை ஒரு வருடத்துக்குள் விற்று வரும் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்தில் 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம். நம் உதாரணத்தில் முதல் வருடத்தின் ஏழரை லட்ச வளர்ச்சியில், மேனேஜர் சில பங்குகளை விற்று 4 லட்சத்தை லாபமாக எடுத்தார் என்று வையுங்கள். எல்லாமே ஒரு வருடத்துக்குள் வாங்கி விற்றவை. வரி 80,000, நான்கு சதவீத செஸ் சேர்த்து 83,200 ரூபாய். கட்டணம் போக மிச்சம் இருந்த 5,90,000 இப்போது 5,06,800. 15 சதவீதம் என்று தொடங்கியது பத்து சதவீதச் சொச்சத்தில் வந்து நிற்கிறது.

நியாயமாகச் சொன்னால், ஃபண்டில் இருப்பவருக்கு வரி தள்ளுபடி ஆகவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. விற்கும் நாளில் அவரும் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது அவர் தேர்ந்தெடுக்கும் நாள், அதுவும் பெரும்பாலும் 12.5 சதவீத விகிதத்தில். பிஎம்எஸ்ஸில் நாளைத் தேர்ந்தெடுப்பது மேனேஜர். அவருடைய திறமையை அளப்பது வரிக்கு முந்தைய லாபத்தை வைத்து என்பதால், உங்கள் வரியைப் பற்றிக் கவலைப்பட அவருக்குப் பெரிய காரணம் இல்லை.

கட்டிய கட்டணத்தையாவது லாபத்தில் கழித்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம். வருமான வரித் தீர்ப்பாயங்களே இதில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

இதோடு கொஞ்சம் பேப்பர் வேலையும் சேரும். வருடத்தில் பத்துப் பதினைந்து முறை விற்பனை நடந்திருந்தால் ஒவ்வொன்றும் வருமான வரிக் கணக்கில் ஏற வேண்டும். குறுகிய கால லாபம் இருந்தால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 போதாது. லாபம் பெரிதாக இருந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என நாலு தவணையில் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும், மறந்தால் வட்டி. ஆடிட்டர் ஃபீஸையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ யாருக்குத்தான் இது?

இவ்வளவு படித்த பிறகு பிஎம்எஸ் வீண் என்று தோன்றலாம். அப்படி இல்லை. பங்குகள் சொந்தப் பெயரில் இருப்பது தொல்லை என்று பார்த்தோம் அல்லவா? சிலருக்கு அதுவேதான் தேவை.

அப்பாவோ தாத்தாவோ எப்போதோ வாங்கிப் போட்ட பங்குகள் இரண்டு மூன்று கோடிக்கு வளர்ந்து, வாரிசின் பெயரில் வந்திருக்கிறது என்று வைப்போம். எல்லாம் இரண்டே கம்பெனிகள். மியூச்சுவல் ஃபண்டுக்குப் பங்கைக் கொடுத்து யூனிட் வாங்க முடியாது. விற்று ரொக்கமாக்கித்தான் போட முடியும், அதற்கு முழு வரியும் ஒரே வருடத்தில். பிஎம்எஸ்ஸில் அந்தப் பங்குகளை அப்படியே உங்கள் பெயரில் உள்ள புதிய டீமேட் கணக்குக்கு மாற்றலாம். சொந்தக் கணக்குகளுக்குள் மாற்றுவது விற்பனை ஆகாது. பிறகு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விற்று வேறு பங்குகளுக்குப் பரப்பலாம். கம்பெனி கொடுத்த பங்குகளிலேயே மொத்தச் சொத்தும் மாட்டிக்கொண்ட ஸ்டார்ட்அப் ஆட்களுக்கும், அந்தக் கம்பெனி பட்டியலிடப்பட்ட பிறகு, இதே வழி பொருந்தும்.

பழைய பங்கு நஷ்டத்தைக் கணக்கில் காட்டி முன்னெடுத்து வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். பிஎம்எஸ்ஸில் வரும் லாபம் உங்கள் பெயரில் வருவதால், அந்த நஷ்டத்தோடு கழித்துக்கொள்ளலாம். ஒரு வங்கியில் வேலை பார்த்து, அதே வங்கியின் பங்குகளும் கைவசம் வைத்திருப்பவர் 'எனக்கு வங்கிப் பங்கே வேண்டாம்' என்று சொல்ல வாய்ப்பு இருக்கும் இடமும் இதுதான். ஆனால் எல்லா நிறுவனமும் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 'உங்களுக்காகவே செதுக்கியது' என்று சொன்னாலும், நிஜத்தில் பல பிஎம்எஸ்கள் ஒரே மாதிரிப் பட்டியலைத்தான் எல்லா வாடிக்கையாளர் கணக்கிலும் நகல் எடுக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வி போதும்: "நான் வேண்டாம் என்று சொல்லும் பங்கை விலக்கி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா?"

இவர்களைத் தவிர, நாலைந்து கோடிக்குச் சொத்து இருந்து, அதில் 50 லட்சம் என்பது பத்தில் ஒரு பங்குதான் என்பவர்களும் போடலாம். ஒரு மேனேஜரின் கணிப்பில் நம்பிக்கை வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு தேர்வு. தப்பினாலும் வாழ்க்கை மாறாது. ஆனால் மொத்தச் சேமிப்பே 50 லட்சம் என்று இருப்பவருக்கு, இருபது பங்குகளில் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது. நிலம் விற்ற பணத்தில் வீடு வாங்க இரண்டு வருடம் கழித்துத் தேவைப்படும் என்றால் பிஎம்எஸ் மட்டுமில்லை, ஈக்விட்டி ஃபண்டும் அதற்கான இடமில்லை.

இரண்டுக்கும் நடுவில் 2025 ஏப்ரல் முதல் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. எஸ்ஐஎஃப் என்கிற ஸ்பெஷலைஸ்டு இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட். குறைந்தபட்சம் 10 லட்சம். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே நடத்துகின்றன, யூனிட் முறைதான். வழக்கமான ஃபண்டுகளை விட உத்திகளில் சுதந்திரம் அதிகம், ரிஸ்க்கும் அதற்கேற்ப.

'இத்தனை லட்சம் கோடி பேர் நம்பியது' என்றால்?

பிஎம்எஸ் துறை நிர்வகிக்கும் தொகை என்று பல லட்சம் கோடி ரூபாய்க் கணக்கு ஒன்றை விளம்பரங்களில் காட்டுவார்கள். அதைப் பார்த்து அசந்துவிட வேண்டாம். அதில் பெரும்பகுதி இபிஎஃப்ஓ போன்ற பிஎஃப் அமைப்புகளின் பணம். அவர்களும் போர்ட்ஃபோலியோ மேனேஜர்கள் வழியாக முதலீடு செய்வதால் அந்தக் கணக்கில் வருகிறது. பெரும்பாலும் கடன் பத்திரங்களில் போகும் அந்தப் பணத்துக்கும், உங்களுக்கு விற்கப்படும் 20 பங்குத் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

காட்டப்படும் லாப சதவீதத்தையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லா வாடிக்கையாளர் கணக்கையும் சேர்த்து எடுத்த சராசரி அது. நீங்கள் எந்த மாதம் பணம் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் லாபம் வேறாக இருக்கும். போன வருடம் முதல் மூன்று இடத்தில் வந்தவர்களைக் காட்டினால், அதே பட்டியலின் மூன்று வருடத்துக்கு முந்தைய பதிப்பைக் கேளுங்கள். அப்போது மேலே இருந்தவர்கள் இப்போது எங்கே என்று பார்த்தால் போதும்.

கையெழுத்துப் போடும் முன்

பதிவு எண் INP என்று தொடங்க வேண்டும், அதை செபி இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். டிஸ்க்ளோஷர் டாகுமென்ட் என்ற ஆவணத்தில் கட்டணம், வழக்குகள், பழைய செயல்பாடு எல்லாம் இருக்கும். ஐம்பது பக்கம் படிக்கப் பொறுமை இல்லை என்றால் கட்டணப் பகுதியையும் வழக்குப் பகுதியையும் மட்டுமாவது படியுங்கள்.

பல வருடங்களுக்கான கட்டணத்தைப் போட்டுக் காட்டும் ஒரு கால்குலேட்டரை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும், கட்டண முறை புரிந்தது என்று புதிய வாடிக்கையாளர் தன் கைப்படவே எழுதித் தர வேண்டும் என்றும் 2024இல் செபி சொன்னது. அந்த வரியை எழுதுவதற்கு முன், அந்த கால்குலேட்டரில் 5, 15, 25 சதவீதம் என மூன்று வளர்ச்சிக்கும் கணக்குப் போட்டு, நிலையான முறையையும் லாபப் பங்கு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வங்கி வழியாகத்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகச் சேரும் வழியை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விற்பவருக்கு நீங்கள் இருக்கும்வரை வருடா வருடம் கமிஷன் போகிறது. அது மிச்சமானால் உங்கள் நிலையான கட்டணம் குறையும்.

ஏற்கெனவே உள்ளே இருந்து, வெளியேறலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு விஷயம். மேனேஜர் எல்லாவற்றையும் விற்றுப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பங்குகளாகவே திருப்பிக் கேட்கலாம். அப்படி வாங்கினால் அந்த நாளில் விற்பனை நடக்காது, அதனால் வரியும் வராது. அதற்குப் பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை எந்த வருடம் விற்பது என்பது உங்கள் கையில். வெளியேறும் கடிதத்தில் இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.